"சம்பளம் முக்கியமில்ல சார்"னு சொல்லாதீங்க

போன வாரம் எங்க தொண்டு நிறுவன ஆபீஸ்ல ஃபீல்டு கோஆர்டினேட்டர் போஸ்டுக்கு இண்டர்வியூ எடுத்தோம். விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் வட்டாரத்துல 12 ஊரு, செங்கல் சூளைக்குப் போற குடும்பத்துப் பிள்ளைங்க படிப்பு விட்டுப் போகாம பாத்துக்கிற வேலை. ரெண்டே போஸ்ட், வந்தது 11 பேர். அதுல 9 பேரு சம்பளம் பத்திக் கேட்டதும் ஒரே மாதிரி சொன்னாங்க, "பணம் எனக்கு முக்கியமில்ல சார், சேவை பண்ணணும், அவ்ளோதான்."

மனசு கஷ்டமா போச்சு எனக்கு. ஏன்னா 2011ல நானும் இதே வார்த்தையதான் சொன்னேன். எந்த நிறுவனம்னு வேணாம். "எவ்ளோ குடுத்தாலும் சம்மதம்"னேன், 6,500 ரூவா, பெட்ரோல் அதுக்குள்ளயேன்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். எட்டாவது மாசம் வீட்டுக்கு அனுப்ப காசில்லாம கடன் வாங்கினேன், ஒன்பதாவது மாசம் வேலைய விட்டுட்டேன். நான் நடத்திட்டு இருந்த ரெண்டு மாலை நேர மையமும் அதோட மூடிருச்சு, அடுத்த ஆள் வர நாலு மாசம் ஆச்சு, அதுக்குள்ள பிள்ளைங்க கலைஞ்சு போயிட்டாங்க. "அண்ணன் எப்ப வருவாரு"ன்னு அந்த ஊருல கேட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். அது இன்னைக்கும் உறுத்துது. அதனாலதான் இத எழுதுறேன், இந்தத் துறைக்கு வரணும்னு நெனைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக.

இந்த இண்டர்வியூல சுத்திச் சுத்தி மூணு கேள்விதான் வரும். ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க, ஃபீல்டுல என்ன பண்ணிருக்கீங்க, சம்பளம் கம்மி பரவால்லையா. மூணும் வேற வேற கேள்வி மாதிரி தெரியும், ஆனா மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேக்கறப்ப எங்களுக்கு தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இந்த ஆளு அந்த ஊருல ரெண்டு வருஷம் நிப்பாரா மாட்டாரா.

"சின்ன வயசுலேர்ந்தே சமூக சேவைல ஆர்வம்"னு ஆரம்பிச்சா அதுலேர்ந்து எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. பொய்யின்னு சொல்லல, பல பேருக்கு அது நெஜம்தான், ஆனா அந்தப் பதிலு முதியோர் இல்லத்துக்கும் பொருந்தும், மரம் நடுற திட்டத்துக்கும் பொருந்தும், நாங்க கேக்குறது ஏன் சூளைப் பிள்ளைங்க, ஏன் மரக்காணம்னு. ஒரு தம்பி சொன்னாரு, "எங்க சித்தப்பா சூளைல முன்பணம் வாங்கிட்டு ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிஞ்சதும் குடும்பத்தோட போயிருவாரு, அவரு பையன் என்னோட ஒரே கிளாஸ், ஆறாவதோட நின்னுட்டான்." ரெண்டே வாக்கியம். அதுக்கு மேல நாங்க காரணமே கேக்கல. உங்க வீட்டுக் கதைதான் வேணும்னு இல்ல. படிக்கறப்ப பாத்த ஒரு விஷயம், பக்கத்துத் தெருல நடந்தது, எதுவா இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட வேலையோட ஒட்டணும்.

ஃபீல்டு அனுபவத்துக்கு வர்றேன், இங்கதான் நல்ல ஆளுங்க கோட்டை விடுறாங்க. ஒரு பொண்ணு வந்துச்சு, பி.ஏ. தமிழ், எம்.எஸ்.டபிள்யூ எல்லாம் இல்ல. "எனக்கு ஃபீல்டு எக்ஸ்பீரியன்ஸ் இல்ல மேடம்"னு எங்க சூப்பர்வைசர் அக்காகிட்ட மொதல்லயே சொல்லிருச்சு. பயோடேட்டாவ திருப்பிப் பாத்தா கடைசி வரில "இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்"னு இருக்கு. 2021 அக்டோபர்ல கொரோனா இடைவெளிய சரிகட்ட அரசு ஆரம்பிச்சதே, சாயங்காலம் தெருலயே பிள்ளைங்கள உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கிறது, மாசம் 1,000 ரூவா ஊக்கத்தொகை, அதுதான். ரெண்டு வருஷம் நடத்திருக்கு! அது ஃபீல்டு இல்லாம வேற என்னம்மா?

அக்கா மெதுவா கேட்டாங்க, எத்தன பிள்ளைங்கன்னு. 18 பேர். எல்லாரும் தொடர்ந்து வந்தாங்களா? "இல்ல மேடம், பொங்கல் வரைக்கும் 18, அதுக்கப்புறம் 7 தான் வந்தாங்க, மத்தவங்க சூளைக்குப் போயிட்டாங்க." நீ என்ன பண்ண? அந்தப் பொண்ணு ஒரு நோட்டு போட்டு எந்தப் பிள்ளை எந்த ஊரு சூளைக்குப் போச்சு, அங்க பக்கத்துல எந்தப் பள்ளிக்கூடம், அம்மா ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி வெச்சிருக்கு. யாரும் சொல்லிச் செய்யல. ஜூன்ல திரும்பி வந்ததும் வீடு வீடா போயிருக்கு, 11ல 9 பேரு வந்து சேந்துட்டாங்க. மீதி ரெண்டும் பொண்ணுங்க. ஒண்ணு சூளைல தம்பிய பாத்துக்கிட்டே பழகி பள்ளிக்கூடம் வேணாம்னு நின்னுருச்சு, இன்னொண்ணு அங்கயே பக்கத்துப் பள்ளில சேரப் போய், பழைய பள்ளில பேரு எடுக்காததால சேக்க முடியாம நின்னிருக்கு. இந்தப் பொண்ணு பழைய பள்ளி ஹெச்.எம்.கிட்ட போயி, மாணவர் விவரம் எல்லாம் இருக்கிற எமிஸ் தளத்துல அந்தப் பிள்ளை பேர காமன் பூலுக்கு, அதாவது வேற பள்ளி எடுத்துக்கிற பொதுப் பட்டியலுக்கு, தள்ள வெச்ச பிறகுதான் அங்க சேத்துக்கிட்டாங்களாம். முதல் பொண்ணு? "அவள என்னால கூட்டிட்டு வர முடியல மேடம். நாலு தடவ போனேன். தம்பிய பாத்துக்க வேற ஆளு இல்ல. அத நான் மொதல்லயே அங்கன்வாடி டீச்சர்கிட்ட பேசிருக்கணும், தோணல."

அந்தக் கடைசி பதிலுதான் எங்கள நிமிர்ந்து உக்கார வெச்சுது. எங்க வேலைல பாதி இப்பிடித்தான் தோக்கும். தோத்தது எதுனாலன்னு தெரிஞ்சவங்கதான் அடுத்த தடவ வேற மாதிரி பண்ணுவாங்க. எம்.எஸ்.டபிள்யூ முடிச்ச இன்னொருத்தர் நல்லா பேசினாரு, "200 குடும்பங்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்"னாரு. கூட்டத்துல யாராவது ஒரு அம்மா கேட்ட ஒரு கேள்விய சொல்லுங்கன்னு கேட்டோம், யோசிச்சு யோசிச்சு பாத்தாரு, வரல. அவரு போகாம இருந்திருக்க மாட்டாரு. ஆனா ஊருக்காரங்க முகம் மனசுல தங்கல, ரிப்போர்ட்டுல எழுதின எண்ணிக்கைதான் தங்கிருக்கு. நீங்க தயார் பண்றப்ப ஒரே ஒரு பிள்ளை, இல்லனா ஒரே ஒரு குடும்பத்தோட விஷயத்த முழுசா ஞாபகப்படுத்திக்கங்க. யாரப் போயி பாத்தீங்க, அவங்க என்ன சொன்னாங்க, எங்க முட்டிக்கிச்சு, எத்தன தடவ போனீங்க. ஊர் பேரு, எண்ணிக்கை எல்லாம் தானா அதுக்குள்ள வந்துரும்.

(எங்க மாதிரி சில இடத்துல ரெண்டாவது ரவுண்டு ஊருக்கே கூட்டிட்டுப் போவாங்க. அங்க நாங்க முக்கியமா பாக்குறது, "நான் வாங்கித் தர்றேன்"னு வாக்குக் குடுக்குறாங்களான்னு. குடுத்தா போச்சு, அந்த வாக்கு நிறைவேறலைனா அடுத்த ரெண்டு வருஷம் அந்தத் தெருல யாரும் உள்ள போக முடியாது.)

இப்ப பணம். இத பேச வெக்கப்படாதீங்க, தயவுசெஞ்சு.

மொதல்ல இந்தச் சம்பளம் எப்பிடி முடிவாகுதுன்னு தெரிஞ்சுக்கங்க. நிதி குடுக்கிறவங்க ஒத்துக்கிட்ட பட்ஜெட்ல "ஃபீல்டு கோஆர்டினேட்டர் 2 பேர், 18,000, 12 மாசம்"னு ஒரு வரி இருக்கும். நாங்க இண்டர்வியூ எடுக்கிறப்ப அந்த வரி எப்பவோ கையெழுத்தாயிருக்கும், நீங்க 22 கேட்டா எனக்கு ஆசை இருந்தாலும் குடுக்க முடியாது. ஆனா பயணம்னு தனியா வேற ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் அதுல கொஞ்சம் இடம் இருக்கும். கேக்கறவங்களுக்கு அது கிடைக்கும், கேக்காதவங்களுக்கு "எல்லாம் சேத்து 18"னு போயிரும்.

அந்த 18,000த்த பிரிச்சுப் பாக்கலாம். அதுல பி.எஃப். கணக்குக்கு 15,000னு வெச்சா 12 சதவீதம் 1,800 பிடிப்பாங்க, இ.எஸ்.ஐ. 135. ரெண்டும் உங்களுக்கு நல்லதுதான், பிடிக்கட்டும். கைக்கு 16,065. திண்டிவனத்துல ரூம் எடுத்து டூவீலர்ல 12 ஊரு சுத்தணும்னா ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடும், மாசம் 22 நாள், 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 குடுக்கிற வண்டிக்கு 29 லிட்டர், லிட்டர் 100 ரூவான்னு வெச்சா 2,900. ஆயில், டயர், சர்வீஸ்னு ஒரு 500. மிச்சம் 12,665. அதுல ரூம் வாடகை, சாப்பாடு, ரீசார்ஜ் போக வீட்டுக்கு என்ன அனுப்புவீங்க? அதே 18,000த்துக்கு கிலோமீட்டருக்கு 4 ரூவா தனியா குடுத்தா 5,280 மேல வருது. ரெண்டு நிறுவனமும் பேப்பர்ல 18,000தான், ஆனா ஒண்ணுல நீங்க எட்டு மாசத்துல ஓடிப் போயிருவீங்க, இன்னொண்ணுல நிப்பீங்க. இன்னொரு விஷயமும் கேளுங்க, நிறுவனம் போடுற பி.எஃப். பங்கும் இந்த 18க்குள்ளயா, வெளியவா? உள்ளன்னா இன்னொரு 1,800 போச்சு. அப்புறம் ப்ராஜெக்ட் எந்த மாசம் முடியுது, புதுப்பிக்கலைனா எத்தன நாள் முன்ன சொல்லுவீங்கன்னு கேளுங்க. இதெல்லாம் கேட்டா பேராசைன்னு நெனச்சுருவாங்களோன்னு பயப்படுறாங்க, நான் அப்பிடி நெனச்சதே இல்ல, தெளிவா கேக்கறவங்க மேலதான் எனக்கு நம்பிக்கை வருது.

பேனல்ல உக்கார்ற நம்ம ஆளுங்ககிட்டயும் எனக்குக் கோவம் இருக்கு. விளம்பரத்துல சம்பளத்தப் போடாம, வந்த பிறகு "சேவை மனப்பான்மை இருக்கா"ன்னு கேக்கறது என்ன நியாயம்? ஒரு பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலிய விட்டுட்டு வர்ற பிள்ளைங்க அவங்க. வீட்டுல வேற வருமானம் இருக்கறவங்கதான் கம்மி சம்பளத்துல நிக்க முடியும்னா, சூளைக் குடும்பத்துலேர்ந்து படிச்சு வந்த பிள்ளை இந்த வேலைக்கு வரவே முடியாது, அந்தப் பிள்ளைதான் இந்த வேலைக்கு எல்லாரையும் விடப் பொருத்தம்.

அந்த இல்லம் தேடிக் கல்வி பொண்ணுகிட்டயும் சம்பளம் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு, அப்புறம் சொல்லிச்சு, "வீட்டுக்கு மாசம் 7,000 குடுக்கணும் சார். பெட்ரோல் தனியா வந்தா 18க்கு ரெண்டு வருஷம் கண்டிப்பா இருப்பேன். வரலைனா என்னால ஆறு மாசத்துக்கு மேல முடியாது, பாதில விட்டுட்டுப் போக விருப்பமில்ல."

அந்தப் பொண்ண எடுத்தோம். சூளைக்குப் போன சித்தப்பா கதை சொன்ன தம்பியையும் எடுத்தோம். கிலோமீட்டருக்கு 4 ரூவாக்கு ஒப்புதல் வாங்கியாச்சு, ஒண்ணாந்தேதி சேர்றாங்க. அடுத்த மாசம் இன்னொரு போஸ்ட் வருது, அந்த விளம்பரத்துல சம்பளம், கிலோமீட்டர் ரேட், ப்ராஜெக்ட் முடியிற மாசம் மூணையும் போடணும்னு இன்னைக்குக் காலைல எழுதிக் குடுத்திருக்கேன்.