எந்த எக்செல்னு ஒரு வரி எழுத முடியாதா?

போன மாசம் 19-ம் தேதி ராத்திரி ஒன்பதே கால் வரைக்கும் ஆபீஸ்லயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வெபினார் பதிவுப் பக்கத்தோட தலைப்பை நம்பித்தான் உட்கார்ந்தேன். அந்தத் தலைப்பு இதுதான்: "அக்கௌன்ட்ஸ் துறையினரே! 2 மணி நேரத்தில் எக்செல் நிபுணர் ஆகுங்கள், சம்பளத்தை 3 மடங்காக்குங்கள்! ரூ.4,999 மதிப்புள்ள வகுப்பு இன்று மட்டும் ரூ.99!"

அக்கௌன்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு 19-ம் தேதின்னா என்னன்னு தெரியும். 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல்ல, சப்ளையர்கள் ஏத்தின பில்களோட பட்டியலான 2பி வரும். மாசா மாசம் தாக்கல் பண்றவங்க 20-ம் தேதிக்குள்ள அந்த மாசத்து வரிக் கணக்கான 3பி போட்டாகணும். நடுவுல கிடைக்கற அந்த ஆறு நாள்லதான் நம்ம கொள்முதல் பதிவுல இருக்கற ஒவ்வொரு பில்லையும் 2பியோட ஒத்துப் பார்க்கணும். சப்ளையர் பில்லை ஏத்தலைன்னா கொள்முதல்ல கட்டின வரியைக் கழிச்சுக்கற இன்புட் கிரெடிட் அந்த மாசம் நமக்குக் கிடையாது. அக்கௌன்ட்ஸ்காரங்களுக்குன்னு பேர் போட்டு, கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு வைக்கறாங்க! இந்த வேலை செய்யற ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருந்தா இந்தத் தேதியைப் போட்டிருப்பாங்களா?

அப்புறம் ஏன் போனேன்னா, விவரத்துல "ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன் உட்பட"ன்னு மூணு வார்த்தை இருந்துச்சு. எங்க கம்பெனியில மாசம் 600 பில் வரும். நாங்க 145-ன்னு பதிஞ்சு வெச்சிருப்போம், சப்ளையர் அதையே INV/0145-ன்னு போர்ட்டல்ல ஏத்தியிருப்பார். ரெண்டும் ஒரே பில்தான்னு எக்செல்லுக்குத் தெரியாது. நானும் பக்கத்து சீட் அக்காவும் ஒவ்வொரு மாசமும் இதைக் கண்ணாலேயே பார்த்து டிக் அடிக்கறோம். இதுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தா ஆறு நாள் வேலை ஒரு நாள்ல முடியும். அந்த ஆசையிலதான் ரெண்டு பேரும் ஆளுக்கு 99 ரூபாய் கட்டினோம்.

ஏழு மணிக்கு ஆரம்பிச்சாங்க. ஏழு இருபத்தஞ்சு வரைக்கும் பேச வந்தவர் தான் எப்படி முன்னுக்கு வந்தார்ங்கற கதையைச் சொன்னார். அப்புறம் பைவட் டேபிள். அது எங்க ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும். ஏழே முக்காலுக்கு, ஒரு பட்டியல்ல இருக்கறதை இன்னொரு பட்டியல்ல தேடி எடுக்கற எக்ஸ்லுக்அப் ஆரம்பிச்சார். அவர் அடிச்ச மாதிரியே நாங்களும் அடிச்சோம்.

```
=XLOOKUP(A2,'2B'!C:C,'2B'!F:F)
```

எங்க ரெண்டு பேர் ஸ்கிரீன்லயும் `#NAME?`னு வந்துச்சு. நான் அடைப்புக்குறியைச் சரிபார்த்தேன், அக்கா ஷீட் பேரை மாத்திப் பார்த்தாங்க. சாட்ல கேட்டோம், பதிலே வரலை. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் விஷயம் புரிஞ்சுது. எங்க ஆபீஸ்ல இருக்கறது எக்செல் 2016. எக்ஸ்லுக்அப் அதுல கிடையவே கிடையாது, 2019-லயும் கிடையாது. 2021 வேணும், இல்லேன்னா சந்தா கட்டற மைக்ரோசாப்ட் 365 வேணும்.

எனக்கு ஆத்திரம் வர்றது இந்த இடத்துலதான். "இந்த வகுப்புக்கு எக்செல் 2021 அல்லது 365 தேவை"ன்னு விவரத்துல ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்திருந்தா ஃபைல் மெனுவுல அக்கௌன்ட்டைத் திறந்து எங்ககிட்ட எது இருக்குன்னு பார்த்திருப்போம், இது நமக்கில்லைன்னு விட்டிருப்போம். சின்ன கம்பெனிகள்ல எத்தனை பேர் இன்னும் 2013, 2016-னு வெச்சு ஓட்டறாங்கன்னு இவங்களுக்குத் தெரியாதா? சாஃப்ட்வேர் வாங்கறது முதலாளி கையில இருக்கு, எங்க கையில இல்லை. இத்தனைக்கும் எங்க வேலைக்கு எக்ஸ்லுக்அப்பே தேவையில்லை. 2016-லயே டேட்டா டேப்ல பவர் குவெரி இருக்கு. அதுல பில் நம்பரைச் சுத்தம் பண்ணி, ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்து ரெண்டு பட்டியலையும் இணைச்சா, 2பியில வராத பில் மட்டும் தனியா வந்து நிக்கும். இதை நான் அப்புறமா ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து நானே கத்துக்கிட்டேன். அந்த ரெண்டு மணி நேரத்துல பவர் குவெரிங்கற பேரைக்கூட யாரும் எடுக்கலை. "ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன் உட்பட"ன்னு எழுதினது யாரு? எதை நம்பி எழுதினாங்க?

எட்டு பத்துக்குப் பாடம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ரூ.24,999 கோர்ஸை வித்தாங்க. சர்ட்டிஃபிகேட் கடைசி வரைக்கும் இருக்கறவங்களுக்கு மட்டும்தான்னும் அப்போதான் சொன்னாங்க. அக்கா எட்டரை பஸ்ஸை விட்டுட்டாங்க. வீட்ல மாமியார்கிட்ட குழந்தையை விட்டுட்டு வந்தவங்க. அந்தப் பக்கத்துல "கடைசி ஒரு மணி நேரம் எங்கள் கோர்ஸ் பற்றிய அறிமுகம்"னு எழுதியிருந்தா அவங்க பாடம் முடிஞ்ச உடனே கிளம்பியிருப்பாங்க. விக்கறது தப்புன்னு நான் சொல்லலை. அதை மறைச்சு உட்கார வெச்சதுதான் தப்பு.

வீட்டுக்கு வந்து கோபத்துல அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். "இன்னும் 7 இடங்களே உள்ளன", பக்கத்துலயே 15 நிமிஷக் கவுன்ட் டவுன். நான் பணம் கட்டின ஞாயித்துக்கிழமையும் அதே 7 இடம்தான் இருந்துச்சு. இப்போ அடுத்த வாரத் தேதி போட்டிருக்காங்க, இடம் மட்டும் குறையவே இல்லை. வேற பிரவுசர்ல திறந்தேன், கடிகாரம் மறுபடியும் 15:00-லிருந்து ஓடுது. அது நிஜமான கெடு இல்லை. பக்கத்தைத் திறக்கற ஒவ்வொருத்தருக்கும் முதல்லருந்து ஓடற நிரல் அவ்வளவுதான். நீங்களும் பணம் கட்டறதுக்கு முன்னாடி இன்னொரு பிரவுசர்ல திறந்து பாருங்க, அரை நிமிஷம்கூட ஆகாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல இந்த மாதிரி ஏமாத்து வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுச்சு. அதுல 13 வகை இருக்கு, முதல் வகையே பொய்யான அவசரம்தான். இடம் குறைவா இருக்கறதா பொய் சொல்லி அவசரப்படுத்தறதும் அதுக்குள்ளேயே வருது.

இந்த லிங்க் எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல வந்தது. அங்க முழுப் பக்கமும் தெரியாது. தலைப்பும் விவரத்தோட முதல் ஒண்ணு ரெண்டு வரியும்தான் அட்டை மாதிரி தெரியும். நாள் முழுக்க வேலை பார்க்கறவங்க அதை மட்டும் பார்த்துத்தான் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. அந்த இடத்தை சம்பளம் மூணு மடங்கு, தள்ளுபடின்னு நிரப்பி வெச்சா, நான் கத்துக்கப் போறது என்னன்னு எங்கே போய் தெரிஞ்சுக்கறது? இவங்க எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"ஜிஎஸ்டிஆர்-2பியை கொள்முதல் பதிவோடு ஒப்பிடுதல்: பவர் குவெரி பயிற்சி. மாதம் 200 பில்லுக்கு மேல் பார்க்கும் அக்கௌன்டன்ட்களுக்கு. எக்செல் 2016 முதல் போதும். பைவட் டேபிள் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை 5 முதல் 6.30 வரை பாடம், பிறகு 15 நிமிடம் கட்டணக் கோர்ஸ் அறிமுகம், விருப்பமிருந்தால் இருக்கலாம். நேரலை. வீடியோ பதிவு 7 நாள் கிடைக்கும்."

இதைப் படிச்சா 2016 வெச்சிருக்கற நான் 500 ரூபாய்கூட தயங்காம கட்டுவேன். பைவட் தெரியாதவங்க வர மாட்டாங்க. வர்றவங்க கேக்கற கேள்விக்கும் பதில் சொல்ல முடியும்.

மறுநாள் அவங்களுக்கு மெயில் போட்டேன். எந்த எக்செல் வேணும்னு பக்கத்துல ஏன் எழுதலை, 2பி ஒப்பீடு எந்த நிமிஷத்துல நடந்துச்சு, இந்த ரெண்டே கேள்வி. ரெண்டு நாள் கழிச்சு ரூ.24,999-க்கான பேமென்ட் லிங்க் வந்துச்சு. கேள்விக்குப் பதில் வரலை. கவுன்ட் டவுன் ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் அந்த மெயிலையும் எடுத்து வெச்சுக்கிட்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் கொடுத்திருக்கேன். அக்காவும் தனியா ஒண்ணு கொடுத்திருக்காங்க.