சாஸ்தா கோயிலுக்கு வருடத்துக்கு ஒரு நாள்

பாளையங்கோட்டையில் சமூகவியல் படிக்கும் அக்கா மகள், 'இளையோரும் மத நம்பிக்கையும்' பற்றி எழுதிய ஆய்வு முன்னோட்டத்தைப் படிக்கத் தந்தாள். முதல் வரியே, 'கல்லூரிப் படிப்பு இளைஞர்களைக் கடவுளிடமிருந்து பிரிக்கிறது.' ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "ஏழு கட்டுரையில அஞ்சு அப்படித்தான் சொல்லுது மாமா" என்றாள்.

கட்டுரைகளை ஓட்டு எண்ணுவது போல எண்ணக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஐந்தில் ஒன்று வழிபாட்டுக்குப் போவதை அளக்கிறது, இன்னொன்று 'என் மதம் இது' என்று சொல்லிக்கொள்வதை அளக்கிறது, மற்றொன்று கடவுள் உண்டா என்று கேட்கிறது. மூன்றும் சேர்ந்தே குறையும் என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் ஜெரமி யூக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வை அவளுக்கு எடுத்துக் காட்டினேன். பள்ளிப் பருவத்தில் பார்த்த அதே பிள்ளைகளைச் சில வருடம் கழித்துத் திரும்பக் கேட்ட தரவு அது. சுமார் 70 சதவீதம் பேர் வழிபாட்டுக்குப் போவதைக் குறைத்திருந்தார்கள். மதத்தையே விட்டுவிட்டதாகச் சொன்னவர்கள் 17 சதவீதம்தான். கல்லூரிப் பக்கமே போகாதவர்களிடம்தான் வழிபாடு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரே சமயத்தில் இளைஞரையும் முதியவரையும் கேட்டு ஒப்பிடும் ஆய்வில் இது தெரியாது. அங்கே காணும் வித்தியாசம் வயதால் வந்ததா, தலைமுறையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

ஆனால் அந்த அளவுகோலை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தாலும் தப்பாகிவிடும். என் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். திருநீறு பூசமாட்டான், சாமி இல்லை என்று வீட்டிலேயே சொல்லுவான். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் லீவு போட்டு, ராத்திரி பஸ் ஏறி, எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவான். பொங்கல் வைக்கச் சுள்ளி ஒடித்துப் போடுவதும், அடுப்புக்குக் கல் தூக்கி வைப்பதும் அவன்தான். 'வாரம் ஒருமுறை போவீர்களா?' என்ற கேள்விக்கு அவன் பதில் 'இல்லை'. அதோடு அவனை 'விட்டவன்' பட்டியலில் போட்டுவிடுவார்கள்.

சமூகவியலாளர் கிரேஸ் டேவி 1994இல் பிரிட்டனைப் பற்றி எழுதும்போது, தேவாலயத்தோடு சேராமல் நம்புகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தைக் காட்டினார். இவன் அதற்கு நேர்மாறு: நம்பாமல் சேர்ந்திருப்பவன். நம்பாதவன் ஏன் வருகிறான் என்பதற்கு வெர்ன் பெங்ட்சன் குழுவின் ஆய்வு கைகொடுக்கிறது. அமெரிக்கக் குடும்பங்களை முப்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து, பெற்றோரின் மதம் பிள்ளைக்கு இறங்குவதில் அவர்களுக்குள் இருக்கும் பாசம், அதிலும் அப்பாவோடு உள்ள நெருக்கம், பெரிய பங்கு வகிக்கிறது என்று கண்டார்கள்.

போன உத்திரத்தில் அவனிடமே கேட்டேன். "அப்பா இருக்க வரைக்கும் வருவேன் சித்தப்பா" என்றான். பிறகு? பதில் சொல்லாமல் அடுப்பை ஊதப் போய்விட்டான்.

அக்கா மகளிடம் முதல் வரியை அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் எதை அளந்தார்கள், யாரை, அதே ஆளைத் திரும்பக் கேட்டார்களா என்று மூன்று கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.