“படிக்கிற பிள்ளைக்கு எந்தத் தேதியா இருந்தா என்ன?”

காலேஜ் தேர்வு அட்டவணை தாமதமா வருதுன்னு நேத்து நான் போட்ட பதிவுக்குக் கீழே ஒரு பேராசிரியர் எழுதினதை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. “படிக்கிற பிள்ளை எந்தத் தேதிக்கும் தயாரா இருக்கும், அட்டவணை தாமதம்னு புலம்புறது பெத்தவங்கதான்.” அங்கேயே பதில் எழுதப் போனேன், கை நடுங்குச்சு. அதான் தனியா எழுதுறேன்.

என் பொண்ணு படிக்கத் தயாராத்தான் இருக்கா. தயாரா இல்லாதது ரயில் டிக்கெட்டும், அவ தங்கியிருக்கிற ரூமும்.

நடந்ததைச் சொல்றேன். டெல்லியில படிக்கிறா. மே 22 முதல் தேர்வு, ஜூன் 8 கடைசித் தாள். இது எங்களுக்குத் தெரிஞ்சது மே 2-ஆம் தேதி. ரயில்வே 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவை 120 நாள்ல இருந்து 60 நாளாக் குறைச்சுட்டாங்க. ஜூன் 9-ஆம் தேதி வண்டிக்கு ஏப்ரல் 10 காலை 8 மணிக்கே புக்கிங் திறந்தாச்சு. எங்க கைக்கு அட்டவணை வரும்போது மூணு வாரம் ஓடிப்போச்சு. கோடை விடுமுறை வேற. ஸ்லீப்பர்ல வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆன்லைன்ல எடுத்த டிக்கெட் சார்ட் போடும்போதும் வெயிட்டிங்லயே இருந்தா தானா ரத்தாகிடும், அதை வச்சு வண்டி ஏற முடியாது.

எங்க ஊர் திருநெல்வேலிக்கு நேர் வண்டின்னு நாங்க நம்புற திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். அது தேதிக்கு ஒத்து வரலைன்னா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல சென்னை, அங்கிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். ரெண்டு டிக்கெட். ரெண்டும் கன்ஃபர்ம் ஆகணும். ஒண்ணு ஆகி இன்னொண்ணு ஆகலைன்னா பிள்ளை பெட்டியோட எழும்பூர்ல நிக்கணும்.

“தட்கல் இருக்கே”ன்னு ஒருத்தர். ஸ்லீப்பர் தட்கல் முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். ஜூன் 8, 11 மணிக்கு என் பொண்ணு தேர்வு அறையில உட்கார்ந்திருப்பா. சரி, நான் ஊர்ல இருந்து போடுறேன், கிடைக்கும்னு யார் உறுதி சொல்வாங்க? சில நிமிஷத்துல காலியாகுறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

“நாலஞ்சு தேதிக்குப் போட்டு வச்சுட்டு வேண்டாததை ரத்து பண்ணுங்க.” இதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். முன்கூட்டியே ரத்து பண்ணினா ஸ்லீப்பருக்கு 120 ரூபாய்தான் பிடிப்பாங்க. ஆனா ஒவ்வொரு வீட்டிலயும் இப்படிச் செஞ்சா, என் பொண்ணு படுக்காத பெர்த்துக்காக இன்னொருத்தர் பிள்ளை வெயிட்டிங்ல நிக்கும். ஒரு தேதியை வெளியிடாததுக்கு நாங்க ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிடணுமா?

“விமானத்துல கூட்டிட்டு வாங்க”ன்னவருக்குப் பதில் சொல்ல மனசு வரல.

டிக்கெட் மட்டும்னா பொறுத்துக்குவேன். ரூம் கதையைக் கேளுங்க. அவ இருக்கிறது ஒரு பி.ஜி. விடுதி. மே கடைசியில காலி பண்றதா இருந்தா ஏப்ரல் 30-க்குள்ள சொல்லிடணும், இல்லைன்னா ஜூன் முழு வாடகை. ஏப்ரல் 30 அன்னிக்கு அட்டவணையே இல்ல. காலி பண்றேன்னு சொன்னா தேர்வு நடுவுல ரூம் போயிடும். அதனால சொல்லல. எட்டு நாளுக்கு 11,000 ரூபாய். அந்த வீட்டுக்கார அம்மா நல்லவங்கதான். “ஜூன் எட்டு வரைக்கும்னு போன மாசமே சொல்லியிருந்தா பத்தாம் தேதிக்கு வேற பொண்ணைச் சேர்த்துட்டு, உங்ககிட்ட நாள் கணக்குல வாங்கியிருப்பேன்”னு சொன்னாங்களாம். என் பொண்ணு போன்ல அதைச் சொல்லிட்டு, “எம்மா, சாரிம்மா”ங்கிறா. அவ எதுக்குங்க மன்னிப்பு கேட்கணும்?

“கல்வி நாள்காட்டியில தேர்வுக் காலம் போட்டிருக்கே”ன்னு பேராசிரியர் கேட்டார். போட்டிருக்கு, மே மூன்றாம் வாரம் முதல்னு. எதுவரைக்கும்னு இல்ல. விருப்பப்பாடம் எடுத்த பிள்ளைகளுக்குக் கடைசித் தாள் ஆளுக்கு ஒரு தேதி. கூட இருக்கிற பொண்ணு மே 30-க்கே முடிச்சுட்டுப் போறா. ஊருக்குப் போறதுக்கு வேண்டியது முதல் தேதி இல்ல சார், கடைசித் தேதி.

விண்ணப்பம் வரணும், அரியர் பிள்ளைகளோட தாள் மோதாமப் பார்க்கணும், வேலை அதிகம்னு சொல்றீங்க. இருக்கட்டும். முழு அட்டவணை இப்ப வேண்டாம். எந்தத் துறைக்கு எந்தத் தேதிக்கு மேல தேர்வு இருக்காதுன்னு ஒரே ஒரு வரியை மார்ச் கடைசியில போடுங்க. அதுக்கு மறுநாள் வண்டிக்கு 60 நாள் கணக்குல நாங்க டிக்கெட் எடுத்துக்குறோம். முன்னாடியே முடிஞ்சா ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்.

பக்கத்து வீட்டுல இருந்து பஸ்ல போய்த் தேர்வு எழுதுற பிள்ளைக்கு மே 2-ல வந்தாலும் ஒண்ணுதான். தூரத்துல இருந்து வந்த பிள்ளைக்கு மட்டும்தான் இந்தத் தண்டம். அதை யாரும் ஒத்துக்கக்கூட மாட்டேங்கிறீங்க, அதுதான் எனக்கு வலிக்குது.

கடைசியா, “இங்கேயே ஒரு காலேஜ்ல சேர்த்திருக்கலாமே”ன்னு எழுதின அண்ணனுக்கு. அவ நுழைவுத்தேர்வு எழுதி, மார்க் வாங்கி, அவ பேர் லிஸ்ட்ல வந்துதான் டெல்லிக்குப் போனா. நான் திருப்பிக் கூப்பிட மாட்டேன்.