இலவச டெலிவரிக்கு எவ்வளவு ஆகும்?

இரண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட். நேற்று ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு 99 ரூபாய் கட்டிய உறுப்பினன் வேறு. டெலிவரி இலவசம் என்று ஆப்பில் தங்க நிறத்தில் மின்னுகிறதே, அந்த ஜாதி.

இட்லி 50, ரோஸ்ட் 115. மொத்தம் 165. உடனே கீழே ஒரு பட்டை எட்டிப் பார்த்தது: இன்னும் 34 ரூபாய்க்குச் சேருங்கள், டெலிவரி இலவசம். 199 ரூபாய் வரம்பு. பேக்கிங் 20 ரூபாய் வாங்குகிறீர்களே, அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? கூடாது. வரி? அதுவும் கூடாது. பண்டத்தின் விலை மட்டும்தான் கணக்கு. சரி, 34 ரூபாய்க்கு அந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றுமில்லை. இருப்பதிலேயே மலிவு 42 ரூபாய் மெதுவடை. ராத்திரி ஒன்பதரை மணிக்கு வடை தின்னும் ஆசை எனக்குத் துளியும் கிடையாது. ஆனாலும் சேர்த்தேன். 207.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஆப் தானாகவே ஒரு கூப்பனைப் போட்டது. உறுப்பினர்களுக்கான சிறப்புத் தள்ளுபடி, 25 ரூபாய். பட்டாசு வெடிப்பது போலத் திரை முழுக்கக் காகிதத் துண்டுகள் பறந்தன. பறந்து ஓய்ந்ததும் பார்த்தால் டெலிவரிக் கட்டணம் 32 ரூபாய் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஏன்? தள்ளுபடி போக 182 தானே, அது 199-க்குக் கீழே. அதாவது உறுப்பினன் என்பதால் தள்ளுபடி கிடைத்தது, தள்ளுபடி கிடைத்ததால் உறுப்பினனுக்கான இலவசம் போனது. அந்த 32-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, 2025 செப்டம்பர் 22-லிருந்து. ஆக 37 ரூபாய் 76 காசு. 25 ரூபாய் பரிசு கொடுத்து 37 ரூபாய் பிடுங்கும் வித்தையை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் என் மகனைச் சேர்த்துவிடுவேன்.

கூப்பனை நீக்கினேன். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று கேட்டது. நிச்சயமாகத்தான் தாயே, நீக்கு.

டெலிவரி 0 ஆனது. ஆனால் அதற்குக் கீழே 'தொலைதூரக் கட்டணம் 16' என்று புதிதாக ஒரு வரி. இலவசம் 7 கிலோமீட்டர் வரைதானாம். அதே கடையில் போன மாதம்தான் வாங்கினேன், 6.8 என்று காட்டியது. இப்போது 7.3. கடை நகரவில்லை, என் வீடும் நகரவில்லை. தூரத்தைக் காக்கை பறக்கும் கணக்கில் எடுப்பதில்லை, வண்டி வரும் பாதையில் எடுக்கிறார்கள். மெட்ரோவுக்காகத் தோண்டியதில் எங்கள் சாலை ஒருவழியாகிவிட்டது. அவர்கள் பள்ளம் வெட்டியதற்கு நான் அபராதம் கட்டுகிறேன்.

அடுத்த வரி, மழைக் கட்டணம் 25. சன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தேன். தூறல். தூறல் என்றுகூடச் சொல்ல முடியாது, மேல்வீட்டுக்காரர் துணி காயப்போட்டால் இதைவிட அதிகம் சொட்டும். முன்பெல்லாம் உறுப்பினர்களுக்கு இந்த மழைக்காசு கிடையாது. 2025 மே மாதத்தில் பெரிய ஆப்கள் இரண்டுமே அந்தச் சலுகையைத் தூக்கிவிட்டன. நனைந்து வருகிற பையனுக்குத்தான் இந்த 25 முழுதாகப் போகிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் 50 தரத் தயார்.

அப்புறம் பிளாட்பார்ம் கட்டணம் 15. இது 2023-இல் 2 ரூபாயாக அடக்க ஒடுக்கமாக உள்ளே வந்தது. இப்போது வீட்டு மாப்பிள்ளை மாதிரி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

பேக்கிங், 5 சதவீத வரி எல்லாம் சேர்த்து 294 ரூபாய் 35 காசு. அதே கடைப் பலகையில் இட்லியும் ரோஸ்ட்டும் 126 ரூபாய். பில்லுக்கு அடியில் பச்சை எழுத்தில் ஒரு வாழ்த்து: 'இந்த ஆர்டரில் நீங்கள் சேமித்தது 37.76!' ஆமாம் ஐயா, அந்த 37.76-ஐச் சேமிக்கத்தான் 42 ரூபாய்க்கு வடை வாங்கினேன்.

வடை வந்தது. சாம்பாரில் ஊறவே இல்லை, ஆனாலும் ஊறியது போலவே இருந்தது. மனைவி பில்லைப் பார்த்துவிட்டு, "இதுல 99 ரூபா எங்க இருக்கு?" என்றாள். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய.

அதெல்லாம்கூடப் போகட்டும். இந்தச் சட்னிப் பாக்கெட்டுக்கு முடிச்சுப் போடுகிறவர் யார்? நகத்தால் பிரிக்க முடியவில்லை, பல்லால் கடித்தால் சட்டையில் பீய்ச்சுகிறது. கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் ரோஸ்ட் தோல்செருப்பு ஆகிவிட்டது.