பாரம்பரியம் என்றால் ஆண்டு வேண்டாமா?

கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனத்தின் இணையதள வரலாற்றுப் பகுதியைத் திருத்தித் தரச் சொன்னார்கள். பத்தி முழுக்க "நெடிய பாரம்பரியம்", "ஈடு இணையற்ற முன்னணி". ஆண்டு என்று இருந்தது ஒன்றுதான்: 1968.

அதே பக்கத்தின் அடியில் 21 இடங்கள் கொண்ட நிறுவன அடையாள எண் இருக்கிறது. அதில் ஒன்பதாவது இடத்திலிருந்து வரும் நான்கு இலக்கங்கள் நிறுவனம் பதிவான ஆண்டு. அங்கே 1994! கவனித்துப் படிப்பவர் பொய் என்றுதானே நினைப்பார்? பொய்யே இல்லை. 1968-இல் கூட்டு வணிகம். 1994-இல்தான் பிரைவேட் லிமிடெட். இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும்:

"1968-இல் சகோதரர்கள் இருவர் ஒரு லேத்துடன் கூட்டு வணிகமாகத் தொடங்கினர். 1994-இல் அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவானது."

கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தையும் பதிவுச் சான்றிதழையும் வாங்கி, தேதிகளைச் சரிபார்த்துத்தான் எழுதினேன். "ஒரு லேத் என்றால் சிறியதாகத் தெரியுமே" என்கிறார் முதலாளி. ஐயா, அந்தப் பத்தியில் உங்களுக்கு மட்டுமே சொந்தமானது அந்த லேத்தான்! "முன்னணி" எதில், எந்த ஆண்டில், யார் கணக்கெடுத்தார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் லேத்தை நீக்கி, "முன்னணி"யை மீண்டும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.