அப்பா வாங்கிய கடனுக்கு மகன் பொறுப்பா?

“அப்பா உயிரோட இருந்தாலும் அவர் கடனை மகன்தான் அடைக்கணும், இந்து சட்டத்துலயே இருக்கு” என்று ஒரு ஐயா பழைய தீர்ப்பைக் காட்டிச் சொன்னார்.

இருந்தது என்பது சரி. இப்போது இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கைத் தந்தையின் கடனுக்காகப் பிடிக்க முன்பு வழி இருந்தது. தந்தை உயிரோடு இருக்கும்போதே. 2005 வாரிசுரிமைத் திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-க்கு முன் வாங்கிய கடனுக்கு மட்டும் பழைய விதி தொடரும். அதனால் அந்த ஐயா சொன்னதும் பாதி சரிதான்.

இன்று பார்க்க வேண்டியது கையெழுத்தை. அப்பா 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கித் தவணை தவறினார் என்று வையுங்கள். பத்திரத்தில் நீங்கள் வெறும் சாட்சி என்றால் ஒரு ரூபாயும் உங்களிடம் கேட்க முடியாது. ஜாமீன்தாரர் என்றால் பொதுவாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. அப்பாவை விட்டுவிட்டு முதலில் உங்களிடமே வரலாம். சேர்ந்து கடன் வாங்கியவர் என்றால் அது உங்கள் கடனேதான்.

வசூலுக்கு வருபவர் “சும்மா ஒரு கையெழுத்து, அவகாசம் தர்றோம்” என்று புதுத்தாள் நீட்டுவார். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அப்பா கடனுக்கு வீடு போகுமா என்று ஒரு தங்கை கேட்டது வேறு கேள்வி: அப்பா பெயரிலுள்ள வீட்டைக் கோர்ட் ஜப்தி செய்யலாம், நீங்கள் அதில் குடியிருந்தாலும். பூர்வீக வீடு என்றால் பாகம் பார்க்க வேண்டும். மூலப்பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள்.