அப்பர் பேண்டைத் தொட்டால் வலுவான டிரெண்டா?

டெலிகிராம் குரூப்களில் தினமும் ஓடுகிற ஒரு வசனம் இருக்கிறது. "பொலிஞ்சர் பேண்டின் அப்பரைத் தாண்டி க்ளோஸ் ஆகிவிட்டது, டிரெண்ட் செம ஸ்ட்ராங், ஏறிக்கொள்ளுங்கள்." இரண்டு வாரம் கழித்து விலை பேண்டுக்குள் வந்ததும் அதே ஆள் "வேகம் போச்சு, வெளியே வாங்க" என்பார். இரண்டுமே அந்தப் பேண்ட் சொல்லாத விஷயம். டிரெண்டின் வலுவை அளக்க வேண்டுமென்றால் திட்ட விலக்கத்தில் கட்டிய பேண்டைவிட ஏடிஆரில், அதாவது ஒரு நாள் அசைவின் சராசரியில், கட்டிய கெல்ட்னர் சேனல்தான் சரியான கருவி என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், பெரிய கணக்கெல்லாம் இல்லை.

பொலிஞ்சர் பேண்ட் என்பது 20 நாள் க்ளோஸின் எளிய சராசரி, அதிலிருந்து மேலும் கீழும் 2 திட்ட விலக்கம். கெல்ட்னர் சேனல், இன்று சார்ட்டில் வருகிற வடிவத்தில், 20 நாள் இஎம்ஏ, அதிலிருந்து மேலும் கீழும் ஏடிஆரின் ஏதோ ஒரு மடங்கு. (செஸ்டர் கெல்ட்னர் 1960இல் எழுதியபோது ஏடிஆர் என்ற ஒன்றே கிடையாது, அது வெல்ஸ் வைல்டர் 1978இல் கொடுத்தது. கெல்ட்னர் அன்றைய ஹைக்கும் லோவுக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியைத்தான் வைத்திருந்தார்.) பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் வேலி. ஆனால் வேலியை எதை வைத்து அளந்து போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். விலை 1000 ரூபாய் பக்கம், ஒரு நாளுக்குள் ஹைக்கும் லோவுக்கும் 20 ரூபாய் இடைவெளி, க்ளோஸ் எப்போதும் அதன் நடுவில். இது தினமும் 2 ரூபாய் சீராக ஏறுகிறது. 20 நாள் கழித்துப் பார்த்தால் க்ளோஸ் சராசரிக்கு 19 ரூபாய் மேலே நிற்கும். அந்த 20 க்ளோஸின் திட்ட விலக்கம் சுமார் 11.5, ஆக அப்பர் பேண்ட் சராசரிக்கு 23 ரூபாய் மேலே. விலை அதைத் தொடவில்லை.

இப்போது அதே பங்கு தினமும் 6 ரூபாய் ஏறுகிறது என்று வையுங்கள். மூன்று மடங்கு வேகம். க்ளோஸ் சராசரிக்கு 57 ரூபாய் மேலே. திட்ட விலக்கம்? அதுவும் மூன்று மடங்காகி 34.6. அப்பர் பேண்ட் 69 ரூபாய் மேலே. இப்போதும் தொடவில்லை! இரண்டிலும் க்ளோஸ் நிற்கிற இடம் சரியாக 1.65 திட்ட விலக்கம். நாளுக்கு 1 ரூபாய் ஏறினாலும் இதே 1.65தான், 8 ரூபாய் ஏறினாலும் இதே 1.65தான்.

காரணம் எளிது. க்ளோஸ்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைத்தான் திட்ட விலக்கம் அளக்கிறது, டிரெண்டே அந்தச் சிதறலை உண்டாக்குகிறது. விலை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக வேலியும் தள்ளிப் போகிறது. சீராக ஏறும் விலை எந்த வேகத்தில் ஏறினாலும் அந்த வேலியைத் தொடாது. பேண்டை ஒட்டியே விலை நடக்கிறது என்றால் ஏற்றத்தின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம், அது நெடுநாள் நீடிக்காது. ஆக "பேண்டுக்குள் வந்துவிட்டது" என்று வெளியே ஓடுகிறவர்கள் பல நேரம் ஒரு நல்ல டிரெண்ட் சீரான வேகத்துக்கு வந்த நேரத்தில்தான் ஓடுகிறார்கள்.

சரி, அப்போது பேண்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது எப்போது? இது இன்னும் வேடிக்கை. 19 நாள் ஒரே விலையில் முடிந்த பங்கு 20ஆம் நாள் குதிக்கிறது. குதித்தது 1 ரூபாயோ 100 ரூபாயோ, க்ளோஸ் நிற்பது 4.36 திட்ட விலக்கத்தில்தான். நிஜத்தில் இவ்வளவு தட்டையாக எதுவும் இருக்காது, ஆனால் சாய்வு அந்தப் பக்கம்தான். அமைதிக்குப் பிறகு வரும் சின்ன அசைவுகூட பேண்டை உடைக்கும். அது புதிதாக ஏதோ நடக்கிறது என்று சொல்கிறது, பயனுள்ள தகவல்தான். வலு என்பது வேறு.

இதே பங்கை ஏடிஆரில் பாருங்கள். தினம் 2 ரூபாயோ 6 ரூபாயோ, அன்றைய ஹை-லோ இடைவெளி 20தான், முந்தைய க்ளோஸும் அதற்குள்ளேயே விழுவதால், அந்த க்ளோஸிலிருந்து போட்ட தாவலையும் சேர்த்து அளக்கும் ட்ரூ ரேஞ்சும் 20. இரண்டு ஏடிஆர் சேனல் என்றால் வேலி 40 ரூபாய் தூரத்தில். சீரான ஏற்றத்தில் இஎம்ஏவும் அதே அளவுதான் பின்தங்கும். மெதுவான பங்கு 19 ரூபாய் மேலே, சேனலுக்குள் பாதி வழியில். வேகமானது 57 ரூபாய் மேலே, சேனலைத் தாண்டி 17 ரூபாய் வெளியே, அங்கேயே நாள் கணக்கில் நிற்கும். டிரெண்ட் மாறியது, அளவுகோல் மாறவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

சேனல்கூடத் தேவையில்லை, டிரேடிங்வியூவில் இந்த ஒரு வரியைத் தனி இண்டிகேட்டராகப் போட்டால் போதும்:

```
//@version=5
indicator("Trend / ATR")
plot((close - ta.ema(close, 20)) / ta.atr(14))
```

விலை தன் சராசரியிலிருந்து எத்தனை நாள் அசைவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லும். 1க்குக் கீழே இருந்தால் நான் அதை டிரெண்ட் என்று கணக்கில் எடுப்பதில்லை. 2க்கு மேலே சில நாளாவது நின்றால் மதிக்கிறேன். இந்த எல்லைகள் என் பழக்கம், வேதவாக்கு இல்லை.

அளவுகோல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நிஃப்டியிலேயே ஒரு உதாரணம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முதல் நாள் 23,264இல் முடிந்த நிஃப்டி 21,281 வரை விழுந்து 21,884இல் முடிந்தது. அதன்பின் நிதானமாக ஏறி ஜூலை 2 அன்று 24,124. அப்போது 20 நாள் கணக்கில் ஜூன் 4 இன்னும் உட்கார்ந்திருக்கிறது, திட்ட விலக்கம் சுமார் 526, க்ளோஸ் நிற்பது 1.29இல். மறுநாள் நிஃப்டி 163 புள்ளி ஏறுகிறது, ஜூன் 4 கணக்கிலிருந்து வெளியே விழுகிறது. திட்ட விலக்கம் ஒரே நாளில் 419, க்ளோஸ் நிற்பது 1.72இல். பேண்டின் பாதி அகலம் 200 புள்ளிக்கு மேல் சுருங்கியது. அன்று சந்தையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முந்தைய நாள் ஒன்று பட்டியலிலிருந்து கிளம்பியது, அவ்வளவுதான்.

ஏடிஆரும் அந்த நாளால் அடிபட்டது, மறைக்க மாட்டேன். ஜூன் 4இன் ட்ரூ ரேஞ்ச் சுமார் 1,980 புள்ளி, வைல்டரின் 14 நாள் முறையில் அந்த ஒரு நாளே ஏடிஆரில் 140 புள்ளிக்கு மேல் சேர்த்தது. அதனால் ஜூன் முழுக்க நல்ல ஏற்றம்கூட ஏடிஆர் அளவில் சோர்வாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பாதிப்பு தினமும் பதினாலில் ஒரு பங்கு கரைந்துகொண்டே போகும், ஜூலை 2க்கும் 3க்கும் இடையே கரைந்தது 3 புள்ளிக்கும் குறைவு. பொய் சொன்னாலும் திடீரென்று மாற்றிச் சொல்வதில்லை.

இன்னொரு இடத்திலும் ஏடிஆர் காலை வாரும். தினமும் அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும் சின்னப் பங்குகளில் நாளுக்குள் அசைவே இருக்காது, ட்ரூ ரேஞ்ச் என்பது முந்தைய க்ளோஸிலிருந்து போட்ட தாவல் மட்டும்தான், அதாவது டிரெண்டேதான். பொலிஞ்சரில் சொன்ன அதே கோளாறு இங்கேயும் வந்துவிடும். இண்டிகேட்டர் 10 பக்கம்கூடக் காட்டும், ஆனால் 2 சதவீத சர்க்யூட்டில் போவதும் 5 சதவீதத்தில் போவதும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாகத் தெரியும். வாங்க ஆள் வரிசையில் நிற்க விற்க ஆளே இல்லாத அந்த மாதிரிப் பங்கில் இரண்டு பேண்டையும் அணைத்துவிட்டு ஆர்டர் புத்தகத்தைப் பாருங்கள்.